மேலே இந்தியக் கொடி, பின்னால் வலெட்டா: துறைமுகப் படத்தில் கப்பலைப் படிக்கும் முறை

அக்கா மகள் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். கன்டெய்னர் கப்பல் ஒன்று கால்வாய்க்குள் நுழைகிறது, பக்கத்தில் ஓர் இழுவைக் கப்பல். "மாமா, நம்ம நாட்டுக் கப்பல்தானே? மேல நம்ம கொடி பறக்குது பாருங்க" என்று கூடவே ஒரு வரி. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: "இல்ல மாமா, மால்டா கப்பல் போல. பக்கத்துல வெள்ளையும் சிவப்புமா ஒரு கொடி இருக்கு. தேடிப் பார்த்தா மால்டான்னு வருது."

கப்பல் மால்டாவில் பதிவானதுதான். ஆனால் அந்த வெள்ளை-சிவப்புக் கொடிக்கும் மால்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. தப்பான வழியில் போய்ச் சரியான விடையைத் தொட்டிருக்கிறாள். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால், படத்தை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எழுதி அனுப்பினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கப்பலின் உடம்பில் எழுதியிருப்பது அது யார் என்று சொல்கிறது. கம்பத்தில் பறப்பது இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறது. முதலாவது வருஷக்கணக்கில் மாறாது. இரண்டாவது அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். இரண்டையும் கலந்து படிப்பதால்தான் பெரும்பாலான குழப்பம்.

முதலில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொடியைப் பார்க்கும் முன் கப்பலின் முன்முனையான அணியம் எது, பின்முனை எது, நமக்குத் தெரிவது வலப்பக்கமா இடப்பக்கமா என்று முடிவு செய்ய வேண்டும். வலம் இடம் என்பது கப்பலுக்குள் நின்று அணியத்தைப் பார்ப்பவரின் வலம் இடம், கரையில் நிற்கும் நமக்கானது இல்லை. ஃபோர்ட் கொச்சி கால்வாயின் தென்கரையில் இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே வரும் கப்பல் கிழக்கு நோக்கிப் போகும். அதனால் அங்கே நின்று பார்ப்பவருக்கு எப்போதும் உள்ளே வரும் கப்பலின் வலப்பக்கம்தான் தெரியும், வெளியே போவதன் இடப்பக்கம்.

இது ஏன் முக்கியம் என்றால், எந்தக் கொடி எங்கே பறக்கிறது என்பதில்தான் அதன் பொருளில் பாதி இருக்கிறது.

அடுத்து பின்முனைக்குப் போங்கள்

கப்பல் எந்த நாட்டில் பதிவானது என்பதைச் சொல்லும் கொடி பின்முனையில் சிறு கம்பத்தில் பறக்கும். அதற்குக் கீழே, பின்சுவரில், கப்பலின் பெயரும் அதன் அடியில் பதிவுத் துறைமுகத்தின் பெயரும் இருக்கும். இரண்டும் ஒரே நாட்டைச் சொல்ல வேண்டும். பனாமா என்றிருந்தால் பனாமா, மன்ரோவியா என்றிருந்தால் லைபீரியா, மஜூரோ என்றால் மார்ஷல் தீவுகள், வலெட்டா என்றால் மால்டா. ஊர்ப் பெயரைப் பார்த்து "அங்கிருந்து வருகிறது" என்று எண்ணிவிடக் கூடாது. மஜூரோவில் பதிவான கப்பல் ஒருமுறைகூட மஜூரோவுக்குப் போகாமலே ஆயுளை முடிக்கலாம்.

மருமகள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் பின்முனையில் வலெட்டா என்று தெரிந்தது. அதற்கு மேலே பறந்த கொடி சிவப்பு, சுற்றிலும் வெள்ளை ஓரம், நடுவில் வெள்ளைச் சிலுவை. மால்டாவின் வணிகக் கப்பல்கள் பறக்கவிடுவது இதைத்தான். அந்நாட்டின் தேசியக் கொடி வெள்ளையும் சிவப்புமாக இருந்தாலும் அதன் வணிகக் கப்பலின் பின்முனையில் அது பறக்காது. இந்தியாவிலும் இப்படித்தான். நம் வணிகக் கப்பல்களின் பின்முனையில் பறப்பது வெறும் மூவர்ணக் கொடி இல்லை. சிவப்புத் துணியின் மேல் மூலையில், கம்பத்தை ஒட்டி, சிறிதாக மூவர்ணம் வைத்த கொடி அது.

அப்படியானால் உயரத்தில் பறந்த இந்தியக் கொடி? அது மரியாதைக் கொடி. வேறு நாட்டுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல், அந்த நாட்டின் கொடியைத் தன் முன்கம்பத்திலோ கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு மேலுள்ள கம்பத்தின் வலக் குறுக்குக் கையிலோ ஏற்றும். "உங்கள் நீர்ப்பரப்பில் இருக்கிறேன், உங்களை மதிக்கிறேன்" என்று அர்த்தம். ஆக, உயரத்தில் மூவர்ணம் தெரிந்தால் அது பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மருமகளின் முதல் கேள்விக்கான பதில் இதுவே.

இப்போது சமிக்ஞைக் கொடிகள்

சர்வதேச சமிக்ஞைக் குறியீட்டில் 26 எழுத்துக்கும் 26 கொடிகள், 10 எண்களுக்கு 10 கூர்நுனிக் கொடிகள், அப்புறம் சில துணைக் கொடிகள். குறியீடு முதலில் வெளியானது 1857இல். இன்று புழக்கத்தில் உள்ள வடிவம் 1969 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி உச்சரிப்புப் பெயர் உண்டு. கப்பல்காரர்கள் "பி கொடி" என்று சொல்ல மாட்டார்கள், பிராவோ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. துறைமுகப் படத்தில் திரும்பத் திரும்ப வருபவை நாலைந்துதான்.

துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கூட்டிப்போகும் பைலட் வேண்டும் என்று கேட்கும் கப்பல் கோல்ஃப் கொடியை ஏற்றும். மஞ்சளும் நீலமுமாக ஆறு நெட்டுப் பட்டைகள். பைலட் படகிலிருந்து ஏணி வழியாக அவர் ஏறியதும் கோல்ஃப் இறங்கி ஹோட்டல் ஏறும். அதுதான் கம்பத்தை ஒட்டிப் பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. மருமகளுக்கு மால்டாவாகத் தெரிந்தது இந்தக் கொடி. அவள் படத்தில் பக்கத்திலேயே இழுவைக் கப்பல் இருக்கிறது, கப்பல் கால்வாய்க்குள் வந்துவிட்டது. பைலட் உள்ளே இருப்பார் என்பது கொடி இல்லாமலே தெரியும், கொடி அதை உறுதி செய்கிறது. இப்படிச் சூழலும் கொடியும் ஒன்றையொன்று ஆமோதிக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். துறைமுகத்துக்குள் பெர்த்தில் கட்டி நிற்கும் கப்பலில் ஹோட்டல் பறந்தால், ஒன்று பைலட் இப்போதுதான் ஏறியிருக்கிறார், அல்லது யாரோ இறக்க மறந்துவிட்டார்கள்.

முழு மஞ்சள் கொடி கியூபெக். இதைப் பற்றித்தான் மக்களிடம் நிறையத் தப்பான எண்ணம். மஞ்சள் என்றால் நோய் என்று பழைய காலத்து நினைவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய பொருள் நேர் எதிர். "என் கப்பலில் எல்லோரும் நலம், கரையோடு பழக அனுமதி தாருங்கள்" என்பதுதான் அது. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பல் ஏற்றும், சுகாதார அனுமதி கிடைத்ததும் இறக்கிவிடும். அனுமதி கேட்பது இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் முன்கூட்டியே நடந்துவிடுகிறது, ஆனாலும் கொடி ஏற்றும் வழக்கம் போகவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் தனிமைப்படுத்தப்பட்டிருப்பதைக் காட்டுவது வேறொன்று. மஞ்சளும் கறுப்பும் நான்கு கட்டமாக மாறி மாறி வரும் லிமா. அதைப் படத்தில் பார்ப்பது மிக அபூர்வம்.

எண்ணெய்க் கப்பலிலும், எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கும் கப்பலிலும் பிராவோ பறக்கும். முழுச் சிவப்பு, வெளிநுனி மீன்வால் போல் பிளந்திருக்கும். அபாயகரமான சரக்கை ஏற்றுகிறோம், இறக்குகிறோம், அல்லது கொண்டுபோகிறோம் என்று பொருள். இரவில் இதற்குப் பதில் சிவப்பு விளக்கு எரியும். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் வைத்தது பாப்பா. துறைமுகத்தில் அது பறந்தால் கப்பல் கிளம்பப் போகிறது, கரைக்குப் போன ஆட்கள் உடனே திரும்ப வேண்டும். வெள்ளையும் நீலமும், வெளிநுனி பிளந்தது ஆல்ஃபா. முங்குபவர் நீருக்கடியில் இருக்கிறார், மெதுவாக விலகிப் போங்கள் என்று சொல்வது அது. சிறு படகில் இதைக் கண்டால் படத்தில் அக்கம்பக்கத்தில் முங்குபவர் தெரியாமலிருப்பது இயல்புதான்.

படிக்கும்போது இரண்டு விதிகளை விடாதீர்கள். ஒன்று, எந்தக் கொடியையும் கயிற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காற்று எந்தத் திசையில் அடித்தாலும், நாம் கொடியின் எந்த முகத்தைப் பார்த்தாலும், கயிற்றை ஒட்டிய நிறம் மாறாது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நெட்டுப் பட்டை தெரிகிறதா? கயிற்றை ஒட்டி நீலம் இருந்தால் பிரான்ஸின் கொடி. சிவப்பு இருந்தால் அது டேங்கோ என்ற எழுத்துக் கொடி. படத்தில் இடம் வலம் என்று பார்த்தால் கட்டாயம் ஏமாறுவோம்.

இரண்டாவது, ஒரே கயிற்றில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பறப்பவை ஒரே வாக்கியம், மேலிருந்து கீழே படிக்க வேண்டும். நவம்பரும் சார்லியும் ஒரே கயிற்றில் பறந்தால் "ஆபத்தில் இருக்கிறேன், உடனே உதவி வேண்டும்". நவம்பருக்குத் தனியாக "இல்லை" என்று பொருள், சார்லிக்கு "ஆம்". சேர்ந்தால் அந்தப் பொருள்கள் எதுவும் நிற்காது. இதனால்தான் தனிப்பொருள் தர வேண்டிய கொடிகளை வேறு வேறு கயிற்றில் ஏற்றுகிறார்கள். மருமகளின் படத்திலும் ஹோட்டல் ஒரு கயிற்றில், கியூபெக் பக்கத்துக் கயிற்றில். நான்கு கொடிகள் ஒரே கயிற்றில் வந்தால் அது பெரும்பாலும் அந்தக் கப்பலின் வானொலி அழைப்புக் குறி. அணியத்திலிருந்து கம்பத்தின் உச்சி வழியாகப் பின்முனை வரை தோரணம் மாதிரிக் கட்டியிருந்தால் அது விழா அலங்காரம். அதில் வாக்கியம் தேட வேண்டாம்.

நிறங்களில் ஓர் எச்சரிக்கை. சூரியனுக்கு எதிரே எடுத்த படத்தில் மஞ்சள் வெளுத்து வெள்ளையாகிவிடும், நீலம் கறுப்பாகிவிடும். வெயிலில் பல மாதம் காய்ந்த சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். பிரிட்ஜ் கட்டடம் அநேகமாக வெள்ளை பூசியிருக்கும். சந்தேகமான கொடியின் நிறத்தை அந்த வெள்ளையோடு ஒப்பிட்டால் தெளிவாகிவிடும். இன்னொன்று, கொடி காற்றில் சுருண்டு விரியும். ஒரே படத்தில் மாட்டாது. தொடர்ச்சியாகப் பத்து படம் எடுத்தால் ஒன்றிலாவது முழுசாக விரிந்திருக்கும்.

பக்கவாட்டில் இருக்கும் பெரிய எழுத்து கப்பலின் பெயர் இல்லை

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றது. படங்களைப் பார்த்த பலர் கப்பலின் பெயர் எவர்கிரீன் என்றே நினைத்தார்கள், ஏனென்றால் பக்கவாட்டில் அப்படித்தான் பிரம்மாண்டமாக எழுதியிருந்தது. அது கப்பலை இயக்கிய தைவான் நிறுவனத்தின் பெயர். கப்பலின் பெயர் எவர் கிவன். அணியத்தின் இரு பக்கமும் பின்முனையிலும் சிறிய எழுத்தில் இருந்தது. பின்முனையில் பெயருக்குக் கீழே பனாமா. உரிமையாளர் ஜப்பான் நிறுவனம், மாலுமிகள் இந்தியர்கள். ஒரே கப்பலுக்கு இத்தனை நாடுகள். பெரிய எழுத்தும் புகைபோக்கியின் நிறமும் சின்னமும் நிறுவனத்தைச் சொல்லும், கப்பலைச் சொல்லாது.

கப்பல் விற்கப்பட்டால் பெயரும் கொடியும் மாறும். பெயர் எழுத்துகளின் ஓரத்தை வெல்டிங் வைத்து மேடாக்கி அதற்குள் பெயிண்ட் அடிப்பது வழக்கம். பழைய பெயரை மறைக்கப் பெயிண்ட் அடித்தாலும் அந்த மேடு சில நேரம் அப்படியே தங்கிவிடும். சாய்வான காலை வெயிலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் புதுப் பெயருக்கு அடியில் பழைய பெயரின் நிழல் தெரியும். எனக்கு இதைப் பார்ப்பதில் தனி ஈடுபாடு உண்டு.

மாறாதது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஐ.எம்.ஓ. எண். ஏழு இலக்கம். கட்டும்போது கிடைத்து உடைக்கும் நாள்வரை கூடவே வரும். 2004 ஜூலை முதல் இதைக் கப்பலின் உடம்பில் நிரந்தரமாகப் பதிக்க வேண்டும் என்று விதி. வெளியே தெரியும் இடத்தில் எழுத்து குறைந்தது 200 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பெரும்பாலும் பின்முனையில் ஊர்ப் பெயருக்குக் கீழே, அல்லது பிரிட்ஜ் கட்டடத்தின் முன்சுவரில் பார்க்கலாம். 300 டன் கொள்ளளவுக்குக் குறைந்த சரக்குக் கப்பலிலும் சாதாரண மீன்பிடிப் படகிலும் தேடி ஏமாற வேண்டாம்.

இந்த எண்ணில் ஒரு வசதி இருக்கிறது. ஏழாவது இலக்கம் முதல் ஆறையும் சரிபார்க்கத்தான். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். எவர் கிவனின் எண் 9811000. அதைப் போட்டுப் பார்ப்போம்.

```
9×7 + 8×6 + 1×5 + 1×4 + 0×3 + 0×2 = 120
```

கடைசி இலக்கம் 0, எண்ணின் கடைசியும் 0. சரி.

படம் மங்கலாகி ஓர் இலக்கம் தெரியாமல் போனாலும் இதை வைத்து மீட்கலாம், ஆனால் எது மங்கியது என்பதைப் பொறுத்து. ஐந்தாவது இலக்கம் தெரியவில்லை என்றால் அதைப் பெருக்குவது 3. மற்றவற்றின் கூட்டு 120. 0 வைத்தால் மட்டுமே தொகை 0இல் முடியும், விடை ஒன்றுதான். நாலாவது தெரியவில்லை என்றால் பெருக்குவது 4. மற்றவை 116. 1 வைத்தால் 120, 6 வைத்தால் 140, இரண்டும் பொருந்தும். அப்போது படத்துக்குத் திரும்பிப் போய், மங்கலாகத் தெரிவது ஒல்லியான கோடா, வயிறு பெருத்த உருவமா என்று பார்த்தால் போதும். மூன்றாவது மங்கினால்தான் கஷ்டம். ஐந்தால் பெருக்குவதால் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

எண் கிடைத்ததும் Equasis தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு தட்டினால் கப்பலின் இன்றைய பெயர், கொடி, கட்டிய ஆண்டு எல்லாம் வந்துவிடும்.

கடைசியாக நீர்மட்டம்

அணியத்திலும் நடுவிலும் பின்முனையிலும் செங்குத்தாக எண்கள் ஏறிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். கப்பலின் அடிப்பாகம் நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று காட்டும் எண்கள் அவை. டிராஃப்ட் என்பார்கள். மீட்டர் கணக்கில் ஒவ்வோர் எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம், அடுத்ததற்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி. எண்ணின் அடிவிளிம்புதான் அதன் அளவு. 8 மீட்டருக்கு மேல் உள்ள 6இன் அடியைத் தண்ணீர் தொட்டால் 8.60. எண்ணின் பாதி மூழ்கினால் 8.65. முழுசாக மூழ்கி உச்சியைத் தொட்டால் 8.70. தூத்துக்குடிக்கு நிலக்கரி கொண்டு வரும் பெரிய கப்பல் ஒரு சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 60 டன் வேண்டும். பத்து சென்டிமீட்டர் தப்பாகப் படித்தால் 600 டன் கணக்கில் உதைக்கும். அதனால் சரக்கை அளக்க இரு பக்கமும் மூன்று மூன்று என ஆறு இடத்தில் படிப்பார்கள். ஓடும் கப்பலில் அணியத்தின் அலை எண்ணை மறைக்கும், படத்தை வைத்து அங்கே அளவு சொல்லக் கூடாது. பெர்த்தில் நிற்கும் படத்தில் மட்டும் முயலுங்கள்.

நடுப்பகுதியில், எவ்வளவு ஆழம் வரை சரக்கேற்றலாம் என்று காட்ட, குறுக்குக் கோடு பாய்ந்த ஒரு வட்டம் இருக்கும். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிக் கப்பல்கள் மூழ்குவதை எதிர்த்துப் போராடிய சாமுவேல் பிளிம்சாலின் பெயரில் அழைக்கப்படுவது, 1876இல் பிரிட்டனில் சட்டமானது. வட்டத்தின் இரு பக்கமும் உள்ள எழுத்துகள் அளவைச் சான்றளித்த அமைப்பின் சுருக்கம். எல்ஆர் என்றால் லாயிட்ஸ் ரிஜிஸ்டர், என்கே என்றால் ஜப்பானிய அமைப்பு. வட்டத்துக்கு அடுத்து ஏணி மாதிரிச் சிறு கோடுகள் இருக்கும். வெயில்கால, குளிர்கால, வெப்பமண்டலக் கடல்நீருக்கும், நன்னீருக்கும் தனித்தனி எல்லைகள். இந்த ஏணி எப்போதும் வட்டத்திலிருந்து அணியத்தின் பக்கம்தான் வரையப்படும். அணியமும் பின்முனையும் தெரியாமல் நடுவை மட்டும் எடுத்த படம் கைக்கு வந்தால், கப்பல் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். சட்டப்படி இருக்கும் கப்பலில் அந்தந்தக் காலத்துக்கும் கடற்பகுதிக்கும் உரிய கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும்.

எடுப்பவர்களுக்கு ஒரு சொல். துறைமுக வளாகத்துக்குள் அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம், கடற்படைத் தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். கொச்சியில் கடற்படையின் தெற்குப் பிரிவுத் தலைமையகமே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி நடைபாதை போன்ற பொது இடமே போதும், கப்பல் அவ்வளவு கிட்டத்தில் போகும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பி இரண்டு நாள் கழித்து மருமகளிடமிருந்து இன்னொரு படம். அதே இடம், அதே கப்பல். இந்த முறை கேள்வி எதுவும் இல்லை. கீழே இப்படி எழுதியிருந்தாள்: "மாமா, இப்ப இடப்பக்கம் தெரியுது, அதனால வெளிய போகுது. மஞ்சள் கொடி இறங்கிருச்சு. ஹோட்டல் இன்னும் இருக்கு, பைலட் இறங்கல. அடிப்பக்கச் சிவப்பு பெயிண்ட் முன்னைவிட அதிகமா வெளிய தெரியுது, கொண்டுவந்ததைவிட லேசா போறாங்க. நம்பரையும் கூட்டிப் பார்த்துட்டேன், சரியா வருது."